கொசுவலை, சுருள், லிக்விட், பேட்: மாதம் எவ்வளவு ஆகும், எது எவ்வளவு காக்கும்?

தமிழ்நாடு, கேரள எல்லையில் களியக்காவிளையிலிருந்து பாறசாலை, அமரவிளை வரை உள்ள ஊர்களில் இடவப்பாதி மழை பிடித்தால் வீட்டுக்கு வீடு கொசுச் செலவும் ஏறிவிடும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டாமல் விட்ட மரங்களின் சிரட்டையில் மழைத் தண்ணீர் தேங்கும். வீட்டைச் சுற்றி வாழையும் கமுகும் நிழல் கட்டி நிற்கும். பலர் முதலில் கொசுவத்திச் சுருள் வாங்குவார்கள், புகை தாங்காமல் லிக்விடுக்கு மாறுவார்கள், அதற்கும் கொசு அடங்கவில்லை என்றதும் பேட் வாங்குவார்கள். கொசுவலை கடைசியில்தான் நினைவுக்கு வரும். செலவையும் காப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று தெரியும்.

இங்கே ஒரே ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் போடுகிறோம். ஓட்டுக்கூரை, இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஐந்து பேர். ஓர் அறையில் கணவன், மனைவி, கைக்குழந்தை. இன்னோர் அறையில் அம்மச்சியும் பள்ளிக்கூடம் போகும் பேத்தியும். விலைகளைக் கணக்கு வசதிக்காக முழு எண்ணாக வைத்திருக்கிறோம். உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொண்டால் உங்கள் வீட்டுக் கணக்கு வந்துவிடும்.

முதலில், எந்த நேரத்துக் கொசு?

எல்லாக் கொசுவும் ஒரே நேரத்தில் கடிப்பதில்லை. சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு இரவில் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான். சிரட்டை, டயர், பிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றின் தெளிந்த நீரில் பெருகும் ஏடிஸ் கொசு, கால்களில் வெள்ளை வளையம் போட்டது, பகலில் கடிக்கும். விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாயும் முன் சில மணி நேரமும் அதற்கு உச்சம். டெங்குவும் சிக்குன்குனியாவும் அதன் வழியாகத்தான் வருகின்றன.

ஆகவே ஒரு பொருள் நன்றாகக் காக்கிறதா என்று கேட்பதற்கு முன், எந்த நேரத்தில் காக்க வேண்டும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நம் கணக்கில் நாளை மூன்றாக வைத்துக்கொள்வோம்: மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை எல்லோரும் ஹாலில் விழித்திருக்கும் நேரம், அதன் பிறகு விடியும் வரை தூங்கும் நேரம், குழந்தையும் வயதானவர்களும் படுத்திருக்கும் பகல் நேரம்.

சுருள்: மாதம் 240 ரூபாய்

ஒரு சுருள் 4 ரூபாய் என்று வைப்போம். இரண்டு அறை, முப்பது இரவு என்றால் 60 சுருள், 240 ரூபாய். சில்லறையாக வாங்குவதால் கை கடிப்பது தெரியாது. நான்கிலும் மாதச் செலவு அதிகம் பிடிப்பது இதுதான்.

சுருள் எரியும்போது அதிலுள்ள பைரித்ராய்டு மருந்து புகையோடு பரவி, கொசுவை விரட்டும் அல்லது மயங்கி விழச் செய்யும். காற்று அசையாத இடத்தில்தான் அது வேலை செய்யும். மின்விசிறி ஓடினால் புகை கலைந்துபோகும், சுருளும் வேகமாக எரியும். எட்டு மணி நேரம் என்று அட்டையில் போட்டிருப்பது விசிறிக்கடியில் அதைவிட முன்னதாகவே தீரும். விடியற்காலையில் கொசு கடித்து எழுந்தால் பாதித் தவறு இங்கேதான். விசிறியை நிறுத்திக் கதவை அடைத்தால் சுருள் வேலை செய்யும், ஆனால் அந்தப் புகையை இரவு முழுக்க நாம்தான் இழுக்க வேண்டும். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று அளந்து சொன்னது. கைக்குழந்தை இருக்கும் அறையிலும், மூச்சிரைப்பு உள்ளவர் படுக்கும் அறையிலும் சுருளை வைக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ‘புகையில்லாத’ சுருள் என்றாலும் கண்ணுக்குத் தெரியும் புகைதான் குறைவு. எரிவது எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அதற்கு ஏற்ற இடம் வெளித்திண்ணையும் மாட்டுத் தொழுவமும். அங்கேயும் தகரத் தாங்கியில் குத்தி, சிமெண்ட் தரையிலோ ஓட்டுத் துண்டின் மேலோ, வைக்கோலுக்கும் துணிக்கும் எட்டாத தூரத்தில், காற்று வரும் பக்கமாக வையுங்கள். புகை ஆளை நோக்கி வந்து தாண்டிப் போக வேண்டும். மழைக்காலத்தில் சுருள் நடுவில் அணைந்துபோனால் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். பிரித்த பாக்கெட்டை மூடி இறுகும் டப்பாவில் போட்டு வைத்தால் இது நிற்கும்.

லிக்விட்: மாதம் சுமார் 135 ரூபாய், ஆனால் அளந்து பார்த்தால்தான் தெரியும்

45 மில்லி பாட்டில் 85 ரூபாய் என்று வைப்போம். அட்டையில் போட்டிருக்கும் ‘இத்தனை இரவு’ என்பது ஓர் இரவுக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கில் சொன்னது. நம் வீட்டில் எத்தனை மணி நேரம் போடுகிறோம், எந்த நிலையில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். உண்மையான செலவை அறிய எளிய வழி உண்டு. புதுப் பாட்டிலில் திரவ மட்டத்துக்கு நேராகப் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பத்து இரவு கழித்து மறுபடி கோடு போடுங்கள். முழுப் பாட்டிலில் எத்தனை பங்கு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் பாட்டில் எத்தனை நாள் வரும் என்று தெரிந்துவிடும்.

பத்து மணி நேர இரவுக்கு 1 மில்லி குறைகிறது என்று கொண்டால் பாட்டில் 45 இரவு வரும். மாதத்துக்கு ஓர் அறைக்கு 57 ரூபாய், இரண்டு அறைக்கு 114 ரூபாய். மிஷின் இழுப்பது 5 வாட் அளவுதான். இரண்டும் சேர்ந்து மாதம் 3 யூனிட். தமிழ்நாட்டுப் பக்கம் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால் சில வீடுகளுக்கு அதுவும் இல்லை. கேரளப் பக்கம் என்றாலும் சுமார் 15 முதல் 20 ரூபாய்தான். மொத்தம் 135 ரூபாய்க்குள் முடியும். பொத்தானை ‘அதிக’ நிலையில் வைத்துத் தூங்கிவிடும் வீட்டில் திரவம் வெகுவேகமாகக் குறையும். கோடு போட்டால் அது உடனே பிடிபடும்.

இது எவ்வளவு காக்கும் என்பது வீட்டைப் பொறுத்தது. அடைத்த கான்கிரீட் அறையில் லிக்விட் நன்றாக வேலை செய்யும். நம் கணக்கில் வரும் ஓட்டு வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருக்கும், வெண்டிலேட்டர் திறந்தே இருக்கும். மருந்து ஆவி அந்த வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், புதுக் கொசுவும் அதே வழியாக வந்துகொண்டே இருக்கும். இந்த வகை மருந்துக்குப் பழகிப்போன கொசுக்களும் உண்டு. அவை சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு வந்து கடிக்கும். கரண்ட் போனால் காப்பும் போய்விடும்.

சரியாக வைக்கும் முறை இது. கொசு நுழையும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். படுக்கும்போது போட்டால் முதல் அரை மணி நேரக் கடி நிச்சயம். தலைமாட்டிலிருந்து தள்ளி, காற்று உள்ளே வரும் ஜன்னல் பக்கத்துச் சுவரில் உள்ள பிளக்கில் வையுங்கள். பாட்டில் நேராக நிற்க வேண்டும். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பாட்டில் சாய்ந்து, திரி வழியாகக் கசிந்து, பிளக்கைச் சுற்றி எண்ணெய்க் கறை படியும். திரைச்சீலைக்கும் பீரோவுக்கும் பின்னால் வைப்பதும் வீண். மீன் தொட்டி உள்ள அறையில் போடாதீர்கள். இந்த வகை மருந்து மீன்களுக்குக் கடும் விஷம்.

திரவம் குறையாமல் அப்படியே நின்றால் இரண்டு காரணம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மிஷின் சூடாகவே இல்லை என்றால் பிளக் பிடிக்கவில்லை, அல்லது உள்ளே சூடேறும் தட்டு போய்விட்டது. மிஷின் சுடுகிறது, திரவம் இறங்கவில்லை என்றால் திரியின் நுனி கரிந்து அடைத்திருக்கிறது. அது புதுப் பாட்டிலோடு வரும் திரியால்தான் தீரும். காலிப் பாட்டிலில் மண்ணெண்ணெயும் கற்பூரமும் கலந்து ஊற்றுவது சில வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்த மிஷின் அதற்காகச் செய்ததல்ல. திரி கரியும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

குழந்தை பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய் போன்ற கரைப்பான் வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேட்: மாதம் சுமார் 35 ரூபாய், துணைக்கு மட்டும்

400 ரூபாய் பேட் ஒரு வருடம் உழைத்தால் மாதம் 33 ரூபாய், சார்ஜ் செய்யும் மின்சாரம் கணக்கில் வராது. அது கண்ணில் பட்ட கொசுவைத்தான் கொல்லும். தூங்கியவரை அது காக்காது. மேசைக்கடியில் காலைக் கடிக்கும் கொசுவையும் அது பார்க்காது. ஆனால் ஒரு வேலைக்கு அதற்கு ஈடு இல்லை. அது வலையோடு சேர்ந்த வேலை, கீழே வரும்.

பேட் சீக்கிரம் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் பேட்டரிதான். மழைக்காலம் முழுக்க அடித்துவிட்டு, சார்ஜ் இறங்கிய நிலையிலேயே பரணில் போட்டால், அடுத்த மழைக்கு எடுக்கும்போது சிவப்பு விளக்கு எரியும், அடி இருக்காது. பயன்படுத்தாத மாதங்களிலும் ஒருமுறை சார்ஜ் ஏற்றி வையுங்கள். அட்டையில் சொன்ன மணி நேரத்துக்கு மேல் இரவெல்லாம் பிளக்கில் விட்டாலும் பேட்டரி கெடும். பொத்தானை அழுத்தியதும் கொசுவே இல்லாமல் தொடர்ந்து பொரிகிறது என்றால் கம்பிகளுக்கு நடுவே செத்த கொசு சிக்கியிருக்கிறது, அல்லது நடுவலை நெளிந்து பக்கத்து வலையைத் தொடுகிறது. அணைத்த பிறகும் வலையில் கொஞ்ச நேரம் மின்னூட்டம் நிற்கும். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரின் கம்பியால் உள்வலையையும் வெளிவலையையும் சேர்த்துத் தொட்டு அதை இறக்கிவிட்டு, காய்ந்த பிரஷால் துடைக்க வேண்டும். கொசு ஸ்பிரே அடித்த அறையில் உடனே பேட் வீசாதீர்கள். ஸ்பிரே வாயு தீப்பற்றக்கூடியது, பேட் தருவது தீப்பொறி.

வலை: மாதம் 33 ரூபாய், தூங்கும் நேரத்துக்கு முதல் இடம்

600 ரூபாய் வலைகள் இரண்டு வாங்கினால் மூன்று வருடம் வரும். 1200 ரூபாயை 36 மாதத்துக்குப் பிரித்தால் 33 ரூபாய் சொச்சம். கரண்ட் போனாலும் காக்கும், ஓட்டு இடைவெளியைப் பற்றிக் கவலையில்லை, மருந்துக்குப் பழகிய கொசுவும் உள்ளே வராது. இவ்வளவும் வலையைச் சரியாக வாங்கி, சரியாகக் கட்டினால்தான். வலை பிடிக்கவில்லை என்பவர்களில் பலருக்குத் தவறு நடந்தது இந்த இரண்டில் ஒன்றில்.

வாங்கும்போது ஸ்கேலை எடுத்துப் போங்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் இருக்கிறது என்று எண்ணுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று இருக்க வேண்டும். அதாவது சதுர அங்குலத்துக்கு 156 கண். அதைவிடக் குறைந்தால் சின்னக் கொசு நுழையும். மிக நெருக்கமான பருத்தி வலை காற்றை அடைத்துப் புழுங்க வைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நைலானோ பாலியெஸ்டரோ நல்லது. நீள அகலம் கட்டிலைவிட ஒவ்வொரு பக்கமும் கால் அடியாவது கூடுதலாக இருக்கட்டும். கட்டில் அளவுக்கே வாங்கினால் முழங்கையும் முழங்காலும் வலையில் ஒட்டும், கொசு வெளியிலிருந்தே வலைக் கண் வழியாகக் கடித்துவிடும்.

இந்தத் தொல்லைக்கு ஒரு தையல் வேலை நல்ல தீர்வு. வலையின் அடியில் சுற்றிலும் ஓர் அடி அகலத்துக்குப் பழைய பருத்திப் புடவைத் துணியை வைத்துத் தைத்துவிடுங்கள். பாதி மெத்தைக்கடியில் போகும், பாதி உடம்போடு உரசும் உயரத்தில் நிற்கும். துணி வழியாகக் கடி குறையும், செருகிச் செருகி வலை கிழிவதும் குறையும்.

கட்டுவது இப்படி:

1. நான்கு மூலைக்கும் ஆணியோ கொக்கியோ அடித்து, தரையிலிருந்து ஆறடி உயரத்தில் மேல்பக்கம் தொய்யாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்தால் முகத்தருகே இறங்கும், கொசுவும் நெருங்கும். மேல்விசிறியின் இறக்கைக்கும் வலைக்கும் நடுவே போதிய இடைவெளி விடுங்கள். குடை வடிவில் நடுவில் ஒரே கொக்கியில் தொங்கும் வலை, விசிறிக்கு நேர் கீழே கட்டில் உள்ள அறைக்கு ஆகாது.

2. வலைக்குள் காற்று குறையும் என்பது உண்மை. கால்மாட்டில் ஒரு மேசை விசிறியை வலைக்கு வெளியே, படுக்கை மட்டத்தில் வைத்தால் மேல்விசிறியைவிட நன்றாக உள்ளே போகும்.

3. ஐந்தரைக்கு முன்பே வலையை இறக்கி, சுற்றிலும் மெத்தைக்கடியில் அரை அடி முதல் முக்கால் அடி வரை செருகிவிடுங்கள். இருட்டிய பிறகு இறக்கினால் அறைக்குள் வந்துவிட்ட கொசுவையும் சேர்த்து அடைக்கிறீர்கள். தரையில் பாய் போட்டுப் படுத்தால் பாய்க்கடியில் மடித்துச் செருகுங்கள்.

4. ஒரே பக்கமாக மட்டும் நுழைந்து, நுழைந்ததும் அந்தப் பக்கத்தைச் செருகுங்கள். பிறகு டார்ச்சை அடித்து மேல் மூலைகளைப் பாருங்கள். கொசு பெரும்பாலும் அங்கேதான் உட்காரும். கையால் வலையைத் தட்டி அதைப் பறக்கவிட்டு பேட்டால் அடியுங்கள். பேட்டை வலைத் துணியோடு ஒட்டி அழுத்தினால் பொறி பட்டு நைலான் பொசுங்கும்.

காலையில் வலைக்குள் வயிறு சிவந்த கொசு உட்கார்ந்திருந்தால் அதை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம். எப்போதாவது ஒன்று என்றால் நுழையும்போது கூட வந்தது. தினமும் இருந்தால் ஓட்டை இருக்கிறது. அறையை இருட்டாக்கி, ஒருவர் வலைக்குள்ளிருந்து டார்ச் அடிக்க, மற்றவர் வெளியே நின்று பார்த்தால் கிழிசல் பளிச்சென்று தெரியும். பழைய வலைத் துண்டை ஒட்டுப்போட்டுத் தைக்கவும். விளிம்பை வெறுமனே இழுத்துத் தைத்தால் பக்கத்தில் கிழியும். ஓட்டையே இல்லை என்றால் இரவில் தூக்கத்தில் செருகல் பிரிகிறது, பெரும்பாலும் குழந்தை படுக்கும் சுவர்ப்பக்கத்தில்.

கடையில் கிடைக்கும் சாதாரண வலையில் மருந்து கிடையாது. மருந்தேற்றிய வலை கிடைத்தால் கிழிசல் இருந்தாலும் ஓரளவு காக்கும், உட்கார்ந்த கொசுவும் சாகும். அதன் ஆயுள் சுமார் மூன்று வருடம் அல்லது இருபது சலவை என்பது கணக்கு. அதைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் துவைக்கக் கூடாது, வெயிலில் உலர்த்தாமல் நிழலில் காயப்போட வேண்டும். துவைத்த தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ ஊற்றவும் கூடாது, மீன் சாகும்.

அந்த வீட்டுக்கு என்ன போடலாம்?

இரண்டு அறைக்கும் லிக்விட் போட்டால் மாதம் 135, சுருள் போட்டால் 240. நாங்கள் சொல்லும் ஏற்பாடு இது: இரண்டு படுக்கைக்கும் வலை, 33 ரூபாய். ஒரு பேட், 33 ரூபாய். ஹாலில் ஒரே ஒரு லிக்விட், மாலை ஐந்து மணிக்குப் போட்டு ஒன்பது மணிக்கு அணைப்பது. நான்கு மணி நேரத்துக்கு 0.4 மில்லி, மாதத்துக்கு 12 மில்லி, 23 ரூபாய். மின்சாரம் 4 ரூபாய்க்குள். ஆக மொத்தம் 93 ரூபாய். சுருளில் பாதிகூட இல்லை. தூங்கும் அறைகளில் புகையும் இல்லை, ஆவியும் இல்லை. முதல் மாதம் கையிலிருந்து 1700 ரூபாய்க்கு மேல் போகும் என்பதுதான் தடை. ஒரேயடியாக முடியாவிட்டால் குழந்தை படுக்கும் கட்டிலுக்கான வலையை முதலில் வாங்குங்கள், அம்மச்சி அறைக்கு அடுத்த மாதம். பேட் கடைசியில் வரட்டும்.

ஹாலில் லிக்விட் போடும் நேரத்தில் முன்கதவு திறந்தே கிடந்தால் அந்த 23 ரூபாயும் வீண். ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரையாவது கதவை ஒருக்களித்து வைத்து, ஓட்டுக்கடி இடைவெளிக்குக் கொசு வலைத் துணியை ஆணி அடித்து மூடினால் வித்தியாசம் தெரியும். பேத்தி படிக்கும் மேசைக்கடிதான் ஏடிஸ் ஒளியும் இடம். அவள் உட்காருவதற்கு முன் அங்கே பேட்டை ஒருமுறை வீசிவிடுங்கள்.

பகல் நேரத்துக்கு லிக்விடும் சுருளும் உதவாது, கதவும் ஜன்னலும் திறந்திருக்கும். பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கு மடக்கிக் கவிழ்க்கும் சின்ன வலையே போதும். யாருக்காவது காய்ச்சல் வந்து படுத்தால் அவரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். டெங்கு என்றால், காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவரைக் கடிக்கும் ஏடிஸ் வழியாகத்தான் அது வீட்டில் மற்றவர்களுக்கும் போகும்.

விடியுமுன் பால் வெட்டப் போகிறவருக்கு இந்த நான்கில் எதுவும் தோட்டத்தில் துணை வராது. அவருக்கு முழுக்கைச் சட்டையும், கை கால்களில் பூசும் கொசு விரட்டி க்ரீமும்தான். வெட்டு நிறுத்திய நாளிலேயே சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு வந்தால், நிறைந்த சிரட்டையில் பிறக்கும் கொசு ஹாலில் லிக்விட் போட்டிருக்கும் அந்த வீட்டுக்கு வராது.